மொட்டை மாடி மழையை மண்ணுக்குள் இறக்குவது எப்படி: சென்னைத் தனி வீட்டுக்கான வழிகாட்டி

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு போட வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கியபோது ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். நான்கடிக்குக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் போதும் என்றார் ஒருவர். போர் குழாயிலேயே நேராக விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் 20 அடி உறை கிணறு இல்லாமல் பேசவே மாட்டேன் என்றார். மூவரும் விலை சொன்னார்கள், ஆனால் ஒருவர்கூட எங்கள் வீட்டு மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வரப் பல வாரங்கள் ஆயின. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். சென்னையில் ஒரு கிரவுண்டு அல்லது அரை கிரவுண்டு மனையில், மொட்டை மாடியோடு இருக்கும் தனி வீட்டை மனதில் வைத்து இதைப் படியுங்கள்.

1. முதலில் மண்ணைப் பாருங்கள்

மாடியில் விழும் மழை நிலத்தடி நீராக மாற வேண்டுமானால், அது மேல்மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கி, ஏற்கெனவே நீர் நிரம்பி நிற்கும் அடுக்கைத் தொட வேண்டும். நம் கிணற்றில் தெரியும் நீர்மட்டம் அந்த அடுக்கின் மேற்பரப்புதான். மேலிருந்து இறங்கும் நீர் அங்கே போய்ச் சேர்ந்து, முதலில் குழிக்கு நேர் கீழே ஒரு மேடு போல உயரும். அப்புறம் மெல்லப் பக்கவாட்டில் பரவும். உங்கள் நீர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும், அவர்களுடையது உங்களுக்கும் வரும்.

இந்தப் பயணத்துக்குத் தடை களிமண். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. அவற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் நகராது. ஆகவே மேலே எட்டு அடி களிமண் இருக்கும் மனையில் நான்கடிக் குழி தோண்டினால், தரைக்குள் ஒரு தொட்டி கட்டியதாகத்தான் ஆகும். மழைநீர் அதில் நின்று கொசு வளரும். அதே நான்கடிக் குழி பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பகுதிகளில் அருமையாக வேலை செய்யும். கிண்டி, வேளச்சேரி பக்கம் சில இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இத்தனை வேறுபாடு இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் போட்டதை அப்படியே நகல் எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் மனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் தெருவில் போர் போட்டவரையோ கிணறு தோண்டியவரையோ கேட்பது. எத்தனை அடி களிமண், எந்த ஆழத்தில் மணலோ சவுடோ வந்தது என்று அவர்கள் நினைவிலிருந்தே சொல்வார்கள். கழிவுநீர்க் குழாய்க்கோ அஸ்திவாரத்துக்கோ பக்கத்தில் எங்கேனும் தோண்டினால் போய் எட்டிப் பாருங்கள்.

இரண்டாவது வழி, நீங்களே ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. கிணறு வர வேண்டிய இடத்தில் ஓரடி அகலம், மூன்றடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். ஒருமுறை நிரப்பி வடிய விடுங்கள், காய்ந்த மண் தன் தாகத்துக்கே குடித்துவிடும் என்பதால் அந்த முதல் நிரப்பல் கணக்கில் சேராது. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். நல்ல மணலானால் சில நிமிடங்களில் காலியாகும். மணல் கலந்த மண்ணானால் சில மணி நேரம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது களிமண், அந்த ஆழத்தில் எதுவும் கட்டிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் மறுநாளும் நின்றது. தெருக்கோடியில் கிணறு தோண்டிய பெரியவரைக் கேட்டதில், ஒன்பது பத்து அடிக்குக் கீழே கரகரப்பான சவுடு மண் வரும் என்றார். அதோடு எங்கள் முடிவு தெளிவாகிவிட்டது. களிமண்ணை ஊடுருவிச் சவுடுக்குள் ஐந்தடியாவது போக வேண்டும், ஆக 15 அடி உறை கிணறு. மணல் பகுதியில் இருப்பவருக்கு இவ்வளவு தேவைப்படாது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு கசிவுநீர்க் குழி போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிணற்றின் அடி, மழைக்கால நீர்மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். கடலோரத்தில் நீர்மட்டம் மேலேயே இருக்கும் இடங்களில் ஆழமாகத் தோண்டினால், ஐப்பசி கார்த்திகையில் கிணறு நிலத்தடி நீராலேயே நிரம்பிவிடும். மாடி நீருக்கு இடம் இருக்காது.

2. எவ்வளவு நீர் வரும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எங்கள் மாடி 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் சுமார் 1,55,000 லிட்டர். மாடி ஈரமாவதிலும் ஆவியாவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கழித்தால் 1,24,000 லிட்டர் கையில் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் பத்து லாரித் தண்ணீர்.

ஆனால் கிணற்றின் அளவைத் தீர்மானிப்பது ஆண்டு மழை இல்லை, ஒரே மணி நேரத்தில் கொட்டும் மழைதான். மணிக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்து, அதே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் எங்கள் மாடியிலிருந்து சுமார் 3,500 லிட்டர் இறங்கும். மூன்றடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள கிணறு முழுக்க நிரம்பினால் 3,000 லிட்டர் பிடிக்கும். குழாய் நுழையும் இடத்துக்குக் கீழே மட்டும் எண்ணினால் 2,600 லிட்டர். மீதி 900 லிட்டர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். அதாவது நிறைந்த கிணறு மூன்று மணி நேரத்தில் வடிகிற மண்ணாக இருந்தால் சரியாக இருக்கும். அப்படி வடியாத மண்ணில் நான்கடி விட்டத்துக்குப் போங்கள் அல்லது இரண்டு கிணறாகப் பிரியுங்கள்.

எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் மிகுநீர்க் குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதை எந்த வீட்டுக் கிணறும் வாங்காது. போக வழியில்லாத நீர் அஸ்திவாரத்தைத் தேடிப் போகும்.

3. மாடிக் குழாய்கள் இப்போது எங்கே போகின்றன?

மாடியில் ஒரு குடம் தண்ணீரை ஒவ்வொரு வாய்க்கருகிலும் ஊற்றி, கீழே எங்கே வெளிவருகிறது என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பாதிக் குழாய்கள் தெருவுக்கும், சில கழிவுநீர்த் தொட்டிக்கும் போகும். எங்கள் வீட்டில் பின்பக்கக் குழாய் கழிவுநீர் அறைக்குள் இணைக்கப்பட்டிருந்தது, வீடு கட்டிக் கொடுத்தவர் செய்த வேலை. பெருமழை வந்தால் அந்த நீர் கழிவுநீர்க் குழாயை நிரப்பி, குளியலறை வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். முதலில் அதைத் துண்டியுங்கள்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மாடியில் துணி துவைக்கும் இடத்தின் சோப்புத் தண்ணீரோ, மேல்நிலைத் தொட்டி கழுவிய நீரோ, மாடி அறைக் குளியலறை நீரோ மழைக் குழாயில் சேரக்கூடாது. சேர்ந்தால் அது நேரே நீங்கள் குடிக்கிற கிணற்றுக்குப் போகும்.

குழாய் நான்கு அங்குல பி.வி.சி. ஆக இருக்கட்டும். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் ஒரு நான்கு அங்குலக் குழாய் ஏறக்குறைய 85 சதுர மீட்டர் மாடியின் நீரைத்தான் வாங்கும். ஆகவே எங்கள் மாடிக்கு இரண்டு. செலவு குறைப்பதாகச் சொல்லி ஒரே குழாயில் அடக்கப் பார்ப்பார்கள், இரண்டரை அங்குலக் குழாய் போடவும் பார்ப்பார்கள். ஒப்புக்கொண்டால் மாடியில் நீர் தேங்கிக் கூரை ஒழுகும். ஒவ்வொரு வாயிலும் கம்பிவலைக் கூடை ஒன்று வையுங்கள், தட்டையான சல்லடை வேண்டாம். தட்டைச் சல்லடையை இரண்டு வேப்பிலை மூடிவிடும்.

4. வண்டல் தொட்டியை விட்டுவிடாதீர்கள்

மழைநீர்க் கிணறுகள் சாவது பெரும்பாலும் தூசியால்தான். மாடியிலிருந்து வரும் நுண்மண் கிணற்றின் அடியில் படிந்து, களிமண் போல ஒரு படலம் கட்டிவிடும். அதன் பிறகு கீழே எவ்வளவு நல்ல மணல் இருந்தாலும் பயனில்லை. 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரமாகப் போட்ட ஜல்லிக் குழிகள் பலவற்றின் நிலை இன்று இதுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அதை நம்புவதற்கு முன் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஆகவே குழாய் கிணற்றுக்குப் போகும் வழியில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டி, நீர் மேல்மட்டத்தில் நுழைந்து மேல்மட்டத்திலேயே வெளியேறும்படி அமையுங்கள். மண் அடியில் தங்கிவிடும். மூடியைக் கையால் தூக்க முடிய வேண்டும். தூக்க முடியாத மூடியைப் போட்டால் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

இதோடு, கீழிறங்கும் குழாயில் ஒரு டி இணைப்பும் திறந்து மூடும் வால்வும் வையுங்கள். பருவத்தின் முதல் மழையில் வால்வைத் திறந்து, ஆறு மாதத் தூசியையும் பறவை எச்சத்தையும் வெளியே விட்டுவிடலாம். எங்கள் மாடிக்கு 200 லிட்டர் போனால் போதும்.

சம்ப் வைத்திருப்பவர்கள் முதலில் சம்ப், அது நிறைந்ததும் கிணறு என்ற வரிசையில் இணைப்பது நல்லது. அப்படியானால் சம்புக்கு முன் கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டி தனியாக வேண்டும்.

5. உறை கிணறு தோண்டும்போது

இடம் தேர்வில் மூன்றைப் பாருங்கள்: அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளி, செப்டிக் தொட்டியிலிருந்து மனை அனுமதிக்கும் அளவுக்கு மிகத் தொலைவில், கார் சக்கரம் ஏறாத இடத்தில். செப்டிக் தொட்டிக்குப் பக்கத்தைத் தவிர வேறு இடமே இல்லை என்றால் கிணறு வேண்டாம், சம்பில் மட்டும் சேமியுங்கள்.

மூன்றடி விட்டம், ஓரடி உயரமுள்ள சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். கீழ் உறைகளில் சுற்றிலும் துளை இருக்க வேண்டும், அந்த இணைப்புகளைச் சிமென்ட் பூசி அடைக்கக் கூடாது. அடியில் சிமென்ட் தளம் போடவே கூடாது. "சுத்தமா இருக்கும் சார்" என்று சொல்லிப் போட்டுவிடுவார்கள், நேரில் நில்லுங்கள். அடியில் ஓரடிக்கு மட்டும் பெரிய கருங்கல் ஜல்லி போட்டால் மேலிருந்து விழும் நீர் மண்ணைக் குழப்பாது. கிணறு முழுக்க ஜல்லி நிரப்பும் யோசனையை ஏற்காதீர்கள். நிரப்பினால் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விடும், அடைத்துக்கொண்டால் அள்ளவும் முடியாது.

தோண்டி வரும் மண்ணை அடிக்கு ஒரு கைப்பிடி தனித்தனியாக எடுத்துச் சுவரோரம் வரிசையாக வையுங்கள். சவுடு எந்த அடியில் தொடங்கியது என்று அந்த வரிசையே காட்டும். எங்களுக்குப் பத்தாவது அடியில் நிறம் மாறியது. சொன்ன ஆழத்தில் மாறவில்லை என்றால், ஒப்பந்த ஆழத்தில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று அடி போகச் சொல்லுங்கள். கூடுதல் அடிக்கு என்ன விலை என்று முன்பே பேசி வையுங்கள்.

மேலே கம்பி கட்டிய கான்கிரீட் பலகை, அதில் ஆள் இறங்கும் மூடி, காற்றுக் குழாய் வேண்டும். காற்றுக் குழாய்க்கும் மிகுநீர்க் குழாய்க்கும் கொசுவலை கட்டாயம். மிகுநீர்க் குழாய் தெருவின் மழைநீர் வடிகாலை நோக்கிப் போக வேண்டும், கழிவுநீர் அறைக்குள் விடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. மூடியே கிடந்த பழைய கிணற்றுக்குள்ளோ குழிக்குள்ளோ யாரையும் அப்படியே இறக்காதீர்கள். காற்றில்லாமலும் விஷவாயுவாலும் ஒரு நொடியில் மயங்கி விழுவார்கள், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். மூடியைத் திறந்து வெகுநேரம் விட்டு, காற்று ஊதி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்கள் நின்றால் மட்டுமே இறங்கலாம். தூர் வாரும்போதும் இதே விதிதான்.

6. போர்வெல்லுக்குள் நேராக விடலாமா?

ஓடிக்கொண்டிருக்கும் போரில் விடாதீர்கள். மண்ணின் வழியாக இறங்கும் நீர் வழியிலேயே வடிகட்டப்படுகிறது. போரில் விடும் நீர் அந்த வடிகட்டல் எதுவும் இல்லாமல் ஆழத்து ஊற்றுக்குப் போகும். தூசி அந்த ஊற்றுக்கண்களை அடைத்துவிட்டால் போர் போனது போனதுதான். வற்றிக் கைவிடப்பட்ட போர் என்றால், முறையான வடிகட்டியோடு, தெரிந்தவர் மேற்பார்வையில் யோசிக்கலாம்.

திறந்த கிணறு இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வண்டல் தொட்டி வழியாக மாடி நீரை அதிலேயே விடலாம், புதிதாக எதுவும் தோண்ட வேண்டாம்.

போர் வைத்திருப்பவர்கள் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். 15 அடியில் இறக்கும் நீர் முதலில் மேலடுக்கைத்தான் நிரப்பும். 200 அடி பாறைப் பிளவில் நீர் எடுக்கும் போரில் அடுத்த மாதமே மட்டம் உயராது. பலன் முதலில் தெரிவது திறந்த கிணறுகளிலும் ஆழம் குறைந்த போர்களிலும்தான்.

7. காகிதம், செலவு, காலம்

ஏற்கெனவே இருக்கும் வீட்டில், உங்கள் சுற்றுச்சுவருக்குள் மாடி நீரை இறக்க அமைக்கிறீர்கள் என்றால் காகித வேலை குறைவு. புது வீடானால் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே மழைநீர் அமைப்பின் இடமும் அளவும் இருக்க வேண்டும். வரைபவர்கள் வழக்கமான ஒரு குழிப் படத்தை ஒட்டிவிடுவார்கள். மண் பார்த்த பிறகு உங்கள் அளவைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கவும் ஒரு கிணறோ போரோ புதிதாகத் தோண்டினால், 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மிகுநீர்க் குழாய்க்காகத் தெருவை வெட்ட வேண்டியிருந்தால் மாநகராட்சியின் அனுமதி தேவை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மூடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் அளவுநாடாவோடு எடுத்த படங்கள், குழாய் எங்கே எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்ற கைவரைபடம், பில்கள். ஐந்து வருடம் கழித்துத் தோட்டத்தில் கடப்பாரை போடும்போது அந்த வரைபடத்தைத் தேடுவீர்கள்.

எங்களுக்கு வந்த மதிப்பீடுகள் 30,000 ரூபாயில் தொடங்கி 60,000 வரை இருந்தன. கடைசியில் ஆனது 42,000: தோண்டவும் உறைகளுக்கும் 24,000, மூடிப் பலகைக்கும் வண்டல் தொட்டிக்கும் 8,000, குழாய்க்கும் பிளம்பருக்கும் 10,000. மதிப்பீடு கேட்கும்போது மொத்தத் தொகையை ஏற்காமல் இந்த மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். குறைந்த மதிப்பீட்டில் காணாமல் போயிருப்பது பெரும்பாலும் வண்டல் தொட்டியும், தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தும் கூலியும்தான்.

ஏப்ரல் முதல் ஜூலைக்குள் முடியுங்கள். நீர்மட்டம் கீழே இருக்கும், பக்கம் சரியாது, ஆட்கள் கிடைப்பார்கள். செப்டம்பரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், கூலி ஏறும். வேலை எங்களுக்கு ஒரு வாரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு வரும் ஆடி, ஆவணி மாலை மழைகளில் குறைகளைச் சரிபார்த்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் எல்லாம் தயார்.

8. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு நல்ல மழை நின்றதும், முனையில் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீரின் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. மறுநாள் காலி என்றால் கவலை இல்லை. இரண்டு மூன்று நாள் நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தொடர்மழையில் சுற்றுவட்டார நீர்மட்டமே ஏறியிருந்தால், பக்கத்துக் கிணறும் அதே மட்டத்தில் இருக்கும், அது இயல்பு. பக்கத்துக் கிணறு கீழே இருந்து உங்களுடையது மட்டும் நின்றால், அடியில் வண்டல் படலம் கட்டிவிட்டது. கோடையில் ஜல்லியை எடுத்துக் கழுவி, அடிமண்ணை அரை அடி சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

உங்கள் கிணற்று நீர் உப்பாக இருந்தால், சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி மே மாதமும் ஜனவரியும் அளந்து எழுதி வையுங்கள். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. மேலடுக்கில் அது கலக்கக் கலக்க எண் இறங்கும். ஒரே பருவத்தில் தீர்ப்பு சொல்லாமல் மூன்று ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மழை குறைந்த ஆண்டில் எண் ஏறத்தான் செய்யும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசி வாரத்தில் மாடியைப் பெருக்கி, கூடைகளைக் கழற்றிக் கழுவி, வண்டல் தொட்டியை அள்ளி, கொசுவலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. பருவத்தின் நடுவில், நவம்பரில் மழை இடைவெளி விடும் ஏதாவது ஒரு நாளில் வண்டல் தொட்டியை மட்டும் இன்னொரு முறை அள்ள வேண்டியிருக்கும். மாடியை ஒட்டி மரம் இருக்கும் வீடுகளில் இரண்டு முறை.